ஐந்நூறு எழுத்துக்குள் ஒரு வேலை இழப்பு

கேள்வி: திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் சாம்பிளிங் பிரிவில் இருந்தேன். அமெரிக்க வரிக்குப் பிறகு ஆர்டர் நின்றதால் செப்டம்பர் 22 அன்று எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். ராஜினாமா என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மகள் எட்டாவது, மகன் மூன்றாவது, இருவரும் ஒரே தனியார் பள்ளி. இரண்டாம் தவணை 23,000 ரூபாய். பள்ளியில் கட்டணச் சலுகை விண்ணப்பம் ஆன்லைனில் இருக்கிறது, 15-ம் தேதி கடைசி. அதில் ரிமார்க்ஸ் பெட்டியில் இப்படி எழுதினேன்: “ஐயா வணக்கம். மிகவும் கஷ்டமான சூழ்நிலையில் எழுதுகிறேன். பதினோரு வருஷம் உழைத்த கம்பெனி ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டது. கணவருக்குச் சர்க்கரை, கால் புண் ஆறவில்லை. நாங்கள் இதுவரை யாரிடமும் கையேந்தியதில்லை. பிள்ளைகள் நன்றாகப் படிப்பவர்கள். கடவுளாக நினைத்துக் கேட்கிறேன், முடிந்த சலுகை செய்து தர வேண்டும். பிள்ளைகளை வெளியே நிறுத்திவிடாதீர்கள்.” பெட்டி ஐந்நூறு எழுத்துக்கு மேல் எழுத விடாது. அனுப்ப மனம் வரவில்லை. என்ன எழுதினால் சரியாக இருக்கும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்பாமல் நிறுத்தியது நல்லது. நான் இருபத்திரண்டு வருஷம் ஒரு மெட்ரிக் பள்ளி அலுவலகத்தில் கட்டணப் பிரிவைப் பார்த்தவள். நீங்கள் எழுதியது போன்ற கடிதங்களை ஜூன், அக்டோபர், ஜனவரி என்று தவணைக்குத் தவணை படித்திருக்கிறேன். படிக்கும்போது மனசு கனக்கும். ஆனால் படித்து முடித்ததும் என் கையில் இருக்கும் தாளில் நிரப்ப ஒன்றுமே இருக்காது. உங்கள் கடிதத்தில் உள்ள சிக்கல் அதுதான். அதில் கஷ்டம் எல்லாம் இருக்கிறது, தொகை மட்டும் இல்லை.

அந்தப் பெட்டியில் எழுதுவது எங்கே போகிறது என்று முதலில் சொல்கிறேன். நீங்கள் தாளாளருக்கு எழுதுவதாக நினைத்து “ஐயா” என்று ஆரம்பிக்கிறீர்கள். அதை முதலில் படிப்பவர் அவர் இல்லை, என் போல ஒரு கிளார்க். நான் இருந்த பள்ளியில் கடைசித் தேதி முடிந்ததும் எல்லா விண்ணப்பத்தையும் எக்ஸெல்லில் இறக்கி, ஒரு பட்டியல் தயார் செய்வேன். அட்மிஷன் நம்பர், பெயர், வகுப்பு, பாக்கி, காரணம், கேட்கும் சலுகை, கட்ட ஒப்புக்கொள்ளும் தொகை என்று கட்டங்கள். “காரணம்” என்ற கட்டம் ஒன்றரை அங்குலம் இருக்கும். நீங்கள் எழுதிய பத்து வரியை நான் ஐந்து வார்த்தையாக்கி அதில் போடுவேன். தாளாளர் மேஜைக்குப் போவது அந்தப் பட்டியல்தான். அறுபது எழுபது பெயரை ஒரே உட்காரலில் முடித்துவிடுவார். எந்தப் பெயருக்கு எதிரே தொகையும் தேதியும் இருக்கிறதோ அங்கே டிக் போடுவார், அல்லது தொகையைக் கொஞ்சம் குறைத்து எழுதுவார். வெறுமனே “குடும்பச் சூழ்நிலை” என்று இருந்தால் “பேசவும்” என்று எழுதி ஒதுக்கிவிடுவார். அந்த “பேசவும்” அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப்போகும். அதற்குள் கட்டண சாஃப்ட்வேர் உங்கள் போனுக்குப் பாக்கி எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு அப்பா இப்படித்தான், “குடும்பச் சூழ்நிலை காரணமாக” என்று மூன்றே வார்த்தை எழுதியிருந்தார். கௌரவம் பார்க்கிற மனிதர். நானும் அதே மூன்று வார்த்தையைப் பட்டியலில் போட்டேன். கையெழுத்தாகவில்லை. அவர் இருந்த மில் மூடிப்போய் நாலு மாதம் என்பது பொங்கலுக்கு அப்புறம்தான், வேறு ஒரு பெற்றோர் சொல்லி எனக்குத் தெரிந்தது. ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். அன்று என் மேஜையில் அறுபது பேர்.

ஆக, அந்தப் பெட்டியில் கிளார்க் தேடுவது நான்கு விஷயம். என்ன நடந்தது, எந்தத் தேதியில். இப்போது வீட்டில் என்ன வருமானம். எவ்வளவு தள்ளுபடி கேட்கிறீர்கள். மீதியை எப்போது, எவ்வளவாகக் கட்டுவீர்கள். உங்கள் கடிதத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் இருக்கிறது, தேதியும் மற்ற மூன்றும் இல்லை. “முடிந்த சலுகை” என்று எழுதியிருக்கிறீர்கள். பணிவாகத்தான் எழுதினீர்கள், தெரியும். ஆனால் அது முடிவெடுக்கிற வேலையை அவர்கள் தலையில் வைக்கிறது. கேட்காத தொகையை யாரும் எழுதித் தருவதில்லை. தந்தாலும் ஆயிரம் ரூபாயில் நிற்கும்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். சலுகை என்பது பள்ளிக்கு வரவேண்டிய பணம் வராமல் போவது. அவகாசம் என்பது வரவேண்டிய பணம் தாமதமாக வருவது. நிர்வாகம் அவகாசத்தைச் சுலபமாகத் தரும், தள்ளுபடியை யோசித்துத்தான் தரும். தள்ளுபடிக்கு ஒரு ரெஜிஸ்டர் உண்டு, வருஷக் கடைசியில் ஆடிட்டர் அதைப் புரட்டிக் காரணம் கேட்பார். பெற்றோர் பலர் “சலுகை” என்ற ஒரே வார்த்தையில் இரண்டையும் கேட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு இரண்டும் வேண்டும். அதனால் இரண்டையும் தனித்தனித் தொகையாகக் கேளுங்கள்.

தொகையை எப்படி முடிவு செய்வது? கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வீட்டுக் கணக்கை வைத்தே போட்டுப் பார்த்தேன். உங்கள் சம்பளம் 24,000 நின்றுவிட்டது. கணவர் சம்பளம் 18,000. வாடகை 6,500, மளிகையும் பாலும் 6,500, கரன்ட், கேஸ், போன் சேர்த்து 1,300, கணவரின் மருந்து 1,500, மகளிர் குழுக் கடன் 2,200. கூட்டினால் சரியாக 18,000. அவர் சம்பளம் வீட்டுக்கே போய்விடுகிறது, கட்டணத்துக்கு ஒரு பைசா மிச்சம் இல்லை. பிளவுஸ், ஃபால்ஸ் தைத்து மாதம் 3,000 வரும் என்கிறீர்கள். செட்டில்மென்ட் பணம் 21,000 கையில் இருக்கிறது.

இந்த 21,000-ஐ அப்படியே பள்ளியில் கட்டிவிட்டு 2,000 மட்டும் சலுகை கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். புது வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாதபோது கையிருப்பைத் துடைத்துக் கட்டினால், ஜனவரியில் மூன்றாம் தவணைக்கு உங்களிடம் சொல்ல எதுவும் இருக்காது. அப்போது நீங்கள் கட்டவே முடியாதவராக நிற்பீர்கள். அலுவலகத்துக்கு அது இன்னும் கஷ்டம். இன்று 8,000 கட்டுங்கள். 13,000 வீட்டில் இருக்கட்டும். தையல் பணத்தில் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் 3,000 வீதம் 9,000. எட்டும் ஒன்பதும் 17,000. 23,000-த்தில் 17,000 போனால் 6,000. நீங்கள் கேட்க வேண்டிய தள்ளுபடி அந்த 6,000 தான். ஏன் 6,000 என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கையே சொல்லலாம். குத்துமதிப்பாகப் பாதிக்குப் பாதி கேட்டவர்களால் அந்த இடத்தில் பதில் சொல்ல முடிவதில்லை.

நவம்பரை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். தீபாவளி முடிந்த மாதத்தில் தையல் வராது, உங்களுக்கே தெரியும். கட்ட முடியாத தேதியை ஒப்புக்கொண்டு தவறுவதுதான் இதில் பெரிய ஆபத்து. பல பள்ளிகளில் தள்ளுபடியே “சொன்ன தேதியில் மீதியைக் கட்டினால்” என்ற நிபந்தனையோடு வரும். ஒரு மாதம் தவறினால் முழுப் பாக்கியும் பழையபடி கணக்கில் ஏறிக்கொள்ளும்.

வேன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வேன் மாதம் 2,400 கட்டிவந்திருக்கிறீர்கள். இப்போது நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள், பள்ளி இரண்டு கிலோமீட்டர். வண்டியில் கொண்டுவிட்டு அழைத்து வாருங்கள். மேலே போட்ட கணக்கில் வேனுக்கு இடம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், பட்டியல் பார்க்கிறவர் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்: “வேன் ஓடுதா?” சலுகை பெரும்பாலும் டியூஷன் ஃபீஸில் மட்டும்தான் தருவார்கள், வேன் கட்டணத்தில் குறைக்க மாட்டார்கள். டீசலும் டிரைவர் சம்பளமும் அவர்களுக்குக் கையிலிருந்து போகிற பணம். சலுகை கேட்டுவிட்டு வேனில் அனுப்பினால், உங்கள் நிலைமை உண்மையாகவே இருந்தாலும், பட்டியலில் சந்தேகம் விழுந்துவிடும். வேன் பொறுப்பாளரிடம் தனியாக எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். வாயால் சொன்னால் அந்த மாதத் தொகையும் பில்லில் ஏறிவிடும்.

சரி, பெட்டிக்கு வருவோம். ஐந்நூறு எழுத்து என்று அது சொல்வது நீங்கள் நினைக்கிற எழுத்து இல்லை. கம்ப்யூட்டர் தமிழை எண்ணும் விதம் வேறு. “பள்ளி” என்றால் நமக்கு மூன்று எழுத்து. அதற்கு ஐந்து: ப, ள, புள்ளி, ள, இகரக் குறி. “அம்மா” நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. புள்ளியும் காலும் கொம்பும் ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. இடைவெளி, காற்புள்ளி எல்லாம் சேரும். அதனால் ஐந்நூறு என்று போட்டிருக்கும் பெட்டியில் தமிழில் ஐம்பது அறுபது வார்த்தைதான் கொள்ளும். இன்னொரு தொல்லையும் உண்டு. வாட்ஸப்பில் எழுதி வைத்துக்கொண்டு அங்கே ஒட்டினால், கூடுதலாக இருப்பதைப் பெட்டி சத்தமில்லாமல் வெட்டிவிடும், எச்சரிக்கை கூட வராது. பெற்றோர் வழக்கமாக வணக்கத்தில் ஆரம்பித்து, கஷ்டத்தைச் சொல்லி, தொகையைக் கடைசியில் வைப்பார்கள். வெட்டுப்படுவது அந்தத் தொகைதான். “எனவே இரண்டாம் தவணையில்” என்று பாதியில் நின்ற விண்ணப்பங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆகவே போனில் நோட்ஸில் எழுதி, ஒட்டிய பிறகு கடைசி வார்த்தை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

“நான் வேலை பார்த்த பிரிவை ஆர்டர் இல்லாததால் செப்டம்பர் 22 அன்று மூடிவிட்டார்கள். என் மாத வருமானம் ரூ.24,000 நின்றுவிட்டது. கணவர் சம்பளம் ரூ.18,000 மட்டும். 8-ம் வகுப்பு, 3-ம் வகுப்பு இரு பிள்ளைகளின் 2-ம் தவணை ரூ.23,000. இதில் ரூ.6,000 சலுகை தர வேண்டுகிறேன். மீதி ரூ.17,000 தாமதக் கட்டணம் இன்றி: இன்று 8,000, டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி 10-ம் தேதிக்குள் தலா 3,000. வேனை நிறுத்திவிட்டோம். 3-ம் தவணை பற்றி ஜனவரி 20-க்குள் தெரிவிப்பேன். பி.எஃப். பாஸ்புக், வங்கிக் கணக்கு நகல் இணைத்துள்ளேன்.”

எண்ணிப் பார்த்தேன், புள்ளி கொம்பெல்லாம் சேர்த்து 480-ஐ ஒட்டி வருகிறது. வணக்கம் இல்லையே என்று உங்களுக்குத் தோன்றும். விண்ணப்பத்தின் மேலே தாளாளர் பெயர் அச்சாகித்தான் இருக்கும், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

முதல் வரியை ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்ல வேண்டும். உங்களிடம் ராஜினாமா எழுதி வாங்கியிருக்கிறார்கள். கம்பெனி பேப்பரில் நீங்களாக விலகியவர். பள்ளியில் யாராவது ரிலீவிங் லெட்டர் கேட்டு, அதில் “சொந்தக் காரணத்தால் விலகினார்” என்று இருந்தால், நீங்கள் எழுதியதும் பேப்பரும் ஒத்துப்போகாது. “என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்” என்று எழுதினால் இந்த முரண் வரும். “பிரிவை மூடிவிட்டார்கள்” என்பது நடந்த உண்மை, யாரும் மறுக்க முடியாது. திருப்பூரில் எந்தக் கம்பெனியில் எந்த பிரிவு நின்றது என்பது ஊருக்கே தெரியும். கம்பெனியைத் திட்டியும் ஒரு வார்த்தை வேண்டாம். தாளாளருக்கு அந்த முதலாளி சொந்தமாகவோ நண்பராகவோ இருப்பது இந்த ஊரில் அதிசயம் இல்லை. ராஜினாமா பற்றி நேரில் கேட்டால், “எல்லாரிடமும் அப்படித்தான் எழுதி வாங்கினார்கள்” என்று சொல்லுங்கள், போதும்.

ஆதாரத்துக்கு ரிலீவிங் லெட்டரை நம்பி நிற்காதீர்கள். பி.எஃப். பாஸ்புக்கை இறக்கிக்கொள்ளுங்கள். மாதா மாதம் வந்த சந்தா எந்த மாதத்தோடு நின்றது என்று அதில் வரிசையாகத் தெரியும். ஒன்று ஞாபகம் வையுங்கள்: செப்டம்பர் சம்பளத்துக்கான சந்தா அக்டோபரில்தான் கம்பெனி கட்டும், அதனால் இன்று பார்த்தால் ஆகஸ்ட் வரைதான் இருக்கலாம். அதில் தப்பில்லை. பி.எஃப். தளத்தில் `Mark Exit` என்று ஒன்று இருக்கிறது, வேலையை விட்ட தேதியை நாமே பதியலாம். ஆனால் கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அது திறக்கும். உங்கள் 15-ம் தேதிக்கு உதவாது. அதனால் கூடவே வங்கிக் கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மென்ட் எடுத்து, சம்பளம் விழுந்த வரிகளைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். மற்ற வரிகளை யாரும் படிக்கப்போவதில்லை.

இ-சேவை மையத்தில் வருமானச் சான்று எடுக்கச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்டி வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும். பள்ளி கட்டாயம் என்று கேட்டால் மட்டும் விண்ணப்பித்து, அந்த ஒப்புகைச் சீட்டை இப்போதைக்கு இணையுங்கள். போன மாதம் வேலை போனது என்பதை அந்தச் சான்று சொல்லாது, ஆண்டு வருமானத்தைத்தான் சொல்லும்.

கணவரின் கால் புண்ணை நான் எடுத்துவிட்டது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். அந்தப் பெட்டியில் எழுதுவதை நான் படிப்பேன், பக்கத்து மேஜைக்காரர் படிப்பார், வகுப்பாசிரியருக்குப் போகும், ஆடிட்டர் வரை போகும். அந்த பள்ளியில் உங்கள் மகள் இன்னும் நாலு வருஷம் படிக்க வேண்டும். வீட்டு நோயை அத்தனை பேர் பார்க்கும் எக்ஸெல்லில் போடத் தேவையில்லை. தாளாளரை நேரில் பார்க்க நேர்ந்தால் மருந்துச் செலவு மாதம் 1,500 ஆகிறது என்று சொல்லுங்கள். “நன்றாகப் படிப்பவர்கள்” என்பதையும் அதனால்தான் எடுத்தேன். மார்க் அவர்களிடமே இருக்கிறது. படிப்புக்கான உதவித்தொகை வேறு பட்டியல், அதோடு இதைக் கலந்தால் உங்கள் விண்ணப்பம் தப்பான கட்டுக்குள் போய்விடும்.

“வெளியே நிறுத்திவிடாதீர்கள்” என்ற வரியை மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அது கெஞ்சிக் கேட்க வேண்டிய விஷயமே இல்லை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு குழந்தையை மனரீதியாகத் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. கட்டணத்துக்காக வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, பிரேயரில் பெயரைப் படிப்பது எல்லாம் அதில் வரும். 16-வது பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை குழந்தையைப் பள்ளியை விட்டு நீக்க முடியாது. உங்கள் பிள்ளைகள் இருவரும் அதற்குள் வருகிறார்கள். வேறு பள்ளிக்கு மாற்ற நேர்ந்தாலும், கட்டண பாக்கி என்று டி.சி.யில் எழுதக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் எழுதாதீர்கள். சட்டப் பிரிவு போட்ட விண்ணப்பத்தை எந்த கிளார்க்கும் சலுகைப் பட்டியலில் சேர்ப்பதில்லை, நேராக முதல்வர் அறைக்குக் கொண்டுபோவோம். அங்கே அது சலுகைப் பேச்சாக இருக்காது. நாளை யாராவது உண்மையிலேயே பிள்ளையை வெளியே நிறுத்தினால், அன்று மாவட்டக் கல்வி அலுவலருக்குத் தனியாக எழுத வேண்டிய புகார் அது.

அதேபோல, தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான அரசுக் குழு நிர்ணயிக்கிறதே, அவர்களிடம் போகலாமா என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழு சொல்வது அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்பதை. அதற்கு மேல் வாங்கினால் அங்கே போகலாம். வேலை போனவருக்குக் குறைத்துக் கொடுக்கச் சொல்வது அவர்கள் வேலை இல்லை, அது பள்ளி நிர்வாகத்தின் விருப்பம்தான். 25 சதவீத இலவச இடமும் எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு போன்ற நுழைவு வகுப்பில் மட்டும். நடுவில் வருமானம் போனவர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. விண்ணப்பம் பெரும்பாலும் அட்மிஷன் நம்பர்வாரியாக இருக்கும், பிள்ளைக்கு ஒன்று. நீங்கள் மகளுக்கு மட்டும் போட்டு இருவரையும் குறிப்பிட்டால், மகன் பெயர் சாஃப்ட்வேரில் பாக்கிதாரராகவே இருக்கும். அவன் நம்பருக்கு நாள்தோறும் தாமதக் கட்டணம் ஏறும். இரண்டு விண்ணப்பம் போட்டு, இரண்டிலும் அதே வாசகத்தை ஒட்டுங்கள். இரட்டிப்பாகக் கேட்பதாக நினைக்க மாட்டார்கள், தொகை இரு பிள்ளைகளுக்கும் சேர்த்து என்று வாசகத்திலேயே இருக்கிறது.

8,000-ஐ விண்ணப்பம் போட்ட அன்றே கட்டுங்கள், முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆன்லைனில் முழுத்தொகைதான் கட்ட விடும் என்றால் அலுவலகக் கவுன்ட்டரில் “பார்ட் பேமென்ட்” என்று சொல்லிக் கட்டி ரசீது வாங்குங்கள். பட்டியல் தாளாளர் முன்னால் போகும்போது உங்கள் பெயருக்கு எதிரே 8,000 வரவு ஏற்கெனவே விழுந்திருக்கும். ஒரே மாதிரி இரண்டு விண்ணப்பம் இருந்தால் பணம் கட்டியவருடையதுதான் முதலில் கையெழுத்தாகும். சலுகை கிடைத்ததும் வாய்ச்சொல்லோடு விடாமல், திருத்திய பாக்கித் தொகையை ஒரு பிரின்ட் எடுத்துக் கேளுங்கள். தள்ளுபடி 6,000 அதில் தனி வரியாக இருக்க வேண்டும். 4,000 தான் கொடுத்தார்கள் என்றால், மீதி 2,000-ஐ மார்ச் 10-ம் தேதிக்குத் தள்ளித் தரச் சொல்லி அங்கேயே கேட்டுவிடுங்கள். அன்று இல்லாத தைரியம் பிறகு வராது.

மூன்றாம் தவணையை இப்போதே சேர்த்துக் கேட்காததற்குக் காரணம், சலுகை தவணைக்குத் தவணைதான் கையெழுத்தாகும். அதற்குள் உங்களுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கலாம். கிடைத்தால் ஜனவரி 20-க்குள் அதையும் போய்ச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் புது விண்ணப்பம், புது வங்கி ஸ்டேட்மென்ட், அதே கணக்கு. தேதியை நீங்களே சொல்லியிருப்பதால் அலுவலகம் உங்களைத் துரத்தாது.

15-ம் தேதிக்குப் பிறகு பத்து நாள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து அழைப்பு லேண்ட்லைன் நம்பரிலிருந்து வரும், பெயர் காட்டாது. காலை பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள்தான் பெரும்பாலும் கூப்பிடுவோம், அப்போதுதான் கவுன்ட்டரில் கூட்டம் குறையும். இரண்டு தடவை அடித்து எடுக்காவிட்டால் “தொடர்புகொள்ள முடியவில்லை” என்று எழுதி அடுத்த பெயருக்குப் போய்விடுவோம்.